அடுத்த டோஸைக் கொடுக்கலாமா? மூட் ஸ்டெபிலைசர் பற்றி நர்சிங் மாணவர்களுக்கு ஒரு வகுப்பு

மனநல வார்டுக்குப் போஸ்டிங் போகும் மாணவர்களிடம் லித்தியம் எதற்குக் கொடுக்கிறார்கள் என்று கேட்டால், "நோயாளி அமைதியா இருக்கிறதுக்கு" என்று பலர் சொல்வார்கள். நோயாளியின் வீட்டார் அதைத் தூக்க மாத்திரை என்பார்கள். மருந்தியலில் நன்றாக மார்க் வாங்கிய மாணவர், மூளைச் செல்லுக்குள் எந்த நொதியை அது தடுக்கிறது என்று ஒப்பிப்பார். ஆனால் மருந்து டிராலியோடு கட்டிலருகே போய் நின்றதும் வேறொரு கேள்வி வரும். இந்த டோஸை இப்போது கொடுக்கலாமா, அல்லது நிறுத்திவைத்துவிட்டு டாக்டரைக் கூப்பிட வேண்டுமா? மேலே சொன்ன எதுவும் அதற்கு விடை தராது.

ஒரு மணி நேர வகுப்பில் சொல்லும் ஒவ்வொன்றும் இந்தக் கேள்விக்கு விடை தேட உதவ வேண்டும். உதவாததை விட்டுவிடலாம். வழக்கமான வகுப்பு இப்படி இருப்பதில்லை. லித்தியம், வால்ப்ரோயேட், கார்பமசிபைன், லாமோட்ரிஜின் நான்கையும் ஒரே அட்டவணையில் போட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு டஜன் பக்கவிளைவுகளை எழுதிவிடுகிறோம். பரீட்சை முடிந்ததும் அட்டவணை மறந்துபோகும். என் வகுப்பில் பாதி நேரத்துக்கு மேல் லித்தியத்துக்குத்தான். வால்ப்ரோயேட்டுக்கு ஒரு கேஸ், லாமோட்ரிஜினுக்குச் சில நிமிடங்கள். கார்பமசிபைனை வலிப்பு நோய் வகுப்புக்குத் தள்ளிவிடுவேன், அங்கே அதற்கு நேரம் கிடைக்கும்.

## மூட் ஸ்டெபிலைசர் என்றால் என்ன

இருமுனைக் கோளாறில் மனநிலை இரண்டு திசையில் எல்லை மீறும். ஒரு பக்கம் மேனியா. தூக்கமே தேவைப்படாமல், பேச்சு நிற்காமல், கையில் இருக்கும் பணத்தையெல்லாம் செலவழித்து, தன்னால் முடியாதது எதுவுமில்லை என்ற நினைப்போடு நாள்கணக்கில் நீடிக்கும் நிலை. இன்னொரு பக்கம் டிப்ரெஷன். எழுந்து குளிக்கவும் மனம் வராத, வாரக்கணக்கில் நீளும் சோர்வு. இரண்டுக்கும் நடுவில் மாதக்கணக்கில், ஏன், வருடக்கணக்கில்கூட அவர் முழுக்க நன்றாக இருக்கலாம். வேலைக்குப் போவார், குழந்தைகளைப் பார்த்துக்கொள்வார்.

இந்த இரண்டு எல்லைக்கும் மனநிலை போகாமல் தடுக்கும் மருந்துதான் மூட் ஸ்டெபிலைசர். ஒரு பக்கத்தைச் சரிசெய்யப் போய் இன்னொரு பக்கம் தள்ளிவிடாமல் இருப்பது இதற்கு முக்கியம். இதில் ஒரு விஷயத்தை மாணவர்களுக்கு அழுத்திச் சொல்ல வேண்டும். லித்தியம் அன்றிரவே ஆளைத் தூங்க வைக்காது. மேனியாவில் அதன் பலன் தெரிய ஒன்றிலிருந்து இரண்டு வாரம் பிடிக்கும். அட்மிஷன் ஆன முதல் வாரத்தில் நோயாளி அடங்கியிருக்கிறார் என்றால், கூடவே கொடுக்கும் ஆன்டிசைக்கோடிக் மருந்தோ லோரசிபாமோதான் காரணம்.

இந்த ஒன்று புரிந்தாலே கட்டிலருகே ஒரு பெரிய தவறு தவிர்ந்துவிடும். லித்தியம் வாங்கும் நோயாளி கண் சொக்கிக் கிடந்தால், "மருந்து நல்லா வேலை செய்யுது" என்று வீட்டார் நிம்மதியடைவார்கள். நர்ஸ் அப்படி நினைத்துவிடக் கூடாது. ஒரே அளவு லித்தியத்தில் பல மாதமாக நன்றாக இருந்தவர் திடீரென்று சொக்குகிறார் என்றால், மருந்து உடலில் தேங்குகிறதோ என்று முதலில் சந்தேகப்பட வேண்டும்.

மூளைக்குள் அது எப்படி வேலை செய்கிறது? செல்லுக்குள் செய்தி கடத்தும் சில நொதிகளை லித்தியம் தடுக்கிறது, ஆனால் அவற்றில் எது மனநிலையைக் காக்கிறது என்பது இன்னும் தீர்மானமாகவில்லை. வகுப்பில் இதற்கு ஒரு நிமிடம் போதும். மிச்ச நேரத்தைச் சிறுநீரகத்துக்குக் கொடுங்கள். நர்ஸ் கண்ணால் பார்க்கப்போகும் ஆபத்துகள் பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகின்றன.

## சிறுநீரகம் ஏமாறும் இடம்

லித்தியம் ஒரு தனிமம். தனிம அட்டவணையில் சோடியத்துக்கு நேர் மேலே இருக்கிறது, இரண்டும் ஒரே குடும்பம். கல்லீரல் அதை உடைப்பதில்லை. இரத்தப் புரதத்தோடும் அது ஒட்டுவதில்லை. விழுங்கிய லித்தியம் ஏறக்குறைய முழுவதும் சிறுநீர் வழியாகத்தான் வெளியேற வேண்டும்.

சிறுநீரகம் இரத்தத்தை வடிகட்டிய பிறகு, உடலுக்குத் தேவையானதைத் திரும்ப இழுத்துக்கொள்ளும். இதற்குப் பெயர் மீளுறிஞ்சல். சோடியம் இப்படித்தான் திரும்பி வருகிறது. வடிகட்டிய நீர் ஓடும் சிறுநீரகக் குழாயின் முதல் பகுதியால் லித்தியத்தைச் சோடியத்திலிருந்து பிரித்துப் பார்க்க முடியாது. வடிகட்டப்பட்ட லித்தியத்தில் ஐந்தில் நான்கு பங்கு இப்படி உடலுக்குள்ளேயே திரும்பிவிடுகிறது.

கோடையில் தண்ணீர்த் தட்டுப்பாடு வந்தால் வீட்டில் என்ன செய்வோம்? குழாயில் வருவதையெல்லாம் குடத்தில் பிடித்து வைப்போம், கலங்கலா தெளிவா என்று பார்க்க மாட்டோம். உடலில் சோடியமோ நீரோ குறையும்போது சிறுநீரகமும் இதையேதான் செய்கிறது. சோடியத்தை அள்ளி அள்ளி உள்ளே இழுக்கிறது, கூடவே லித்தியமும் வந்துவிடுகிறது. மாத்திரையின் அளவு மாறவே இல்லை, ஆனாலும் இரத்தத்தில் லித்தியம் ஏறிக்கொண்டே போகும்.

இது எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு வரலாற்றிலேயே சாட்சி உண்டு. 1949-ல் ஆஸ்திரேலிய மனநல மருத்துவர் ஜான் கேட், மேனியா நோயாளிகளுக்கு லித்தியம் பலன் தருகிறது என்று வெளியிட்டார். அதே வருடம் அமெரிக்காவில் லித்தியம் குளோரைடு வேறொரு வேடத்தில் கடைகளில் இருந்தது. உப்பைக் குறைக்க வேண்டிய இதய நோயாளிகள் சாப்பாட்டில் தூவிக்கொள்ளும் மாற்று உப்பாக அதை விற்றுக்கொண்டிருந்தார்கள். சோடியத்தை நிறுத்திய உடம்பில் போட்ட லித்தியம் வெளியேறவில்லை. பலர் நஞ்சேறிப் படுத்தார்கள், சிலர் இறந்தும்போனார்கள். அந்த உப்பு சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. அமெரிக்கா லித்தியத்தை மருந்தாக ஏற்றுக்கொண்டது 1970-ல்தான்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: லித்தியம் வெளியேறும் வழி சிறுநீர் ஒன்றுதான். உடலில் உப்போ நீரோ குறைந்தால் அந்த வழி குறுகும். வாந்தி, பேதி, காய்ச்சல், வெயிலில் வியர்த்துக் கொட்டும் வேலை, தண்ணீரும் குடிக்காத விரதம், திடீரென்று உப்பை நிறுத்துவது எல்லாமே ஒரே காரணத்தால்தான் ஆபத்தாகின்றன. மாணவர்கள் இவற்றைப் பட்டியலாக மனப்பாடம் செய்யத் தேவையில்லை.

## இரத்த அளவு

லித்தியத்தில் பலன் தரும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறைவு. நீண்ட காலப் பராமரிப்பில் இரத்தத்தில் லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை இருக்க வேண்டும். கடும் மேனியாவில் 1.2 வரை போகலாம். 1.5-ஐத் தாண்டினால் நஞ்சின் அறிகுறிகளை எதிர்பார்க்கலாம். 2-க்கு மேல் போனால் அவசர நிலை. சில லேப் ரிப்போர்ட்டுகளில் மில்லி ஈக்விவலன்ட் என்று இருக்கும். லித்தியத்துக்கு இரண்டு அலகிலும் எண் ஒன்றுதான்.

இந்த எண்கள் எல்லாம் கடைசி மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்து எடுத்த இரத்தத்துக்கானவை. ராத்திரி ஒன்பது மணிக்கு மாத்திரை போட்டவருக்குக் காலை ஒன்பது மணிக்கு எடுக்க வேண்டும், காலை டோஸ் இருந்தால் எடுத்த பிறகுதான் கொடுக்க வேண்டும். மருந்தைத் தொடங்கினாலோ அளவை மாற்றினாலோ ஐந்து முதல் ஏழு நாள் காத்திருந்து எடுப்பார்கள், அதற்கு முன் அளவு நிலைப்பட்டிருக்காது.

இங்கே முதல் கேஸைக் கொடுப்பேன், சின்னதுதான். *ஓ.பி.க்கு நடந்து வந்த 35 வயது ஆண். நன்றாகப் பேசுகிறார், கை நடுக்கம் இல்லை, நடை சரியாக இருக்கிறது. ரிப்போர்ட்டில் லித்தியம் 2.6. என்ன நடந்திருக்கும்?*

மாணவர்கள் உடனே டயாலிசிஸ் வரை போய்விடுவார்கள். போகட்டும். பிறகு இரத்தம் எடுத்த டியூபைப் பற்றிக் கேளுங்கள். பச்சை மூடி டியூப் பலவற்றில் இரத்தம் உறையாமலிருக்கப் போட்டிருப்பது லித்தியம் ஹெப்பாரின். அதில் எடுத்த இரத்தத்தில் டியூபின் லித்தியமும் சேர்ந்து அளவு பொய்யாக ஏறும். அந்த வகை டியூபை லித்தியம் டெஸ்டுக்கு எடுக்கவே கூடாது, சீரம் டியூபில் எடுக்க வேண்டும். டியூப் சரி என்றால் நேரத்தைப் பாருங்கள். மாத்திரை போட்ட இரண்டு மணி நேரத்தில் எடுத்திருந்தாலும் அளவு கூடுதலாகக் காட்டும். இது பொய்யான எண் என்று நர்ஸ் தானே முடிவு கட்டிவிடக் கூடாது. டியூபையும் நேரத்தையும் டாக்டரிடம் சொல்லி, அடுத்த டோஸைக் கொடுக்காமல், சரியான டியூபில் உடனே மறுபடி எடுக்க வேண்டும்.

## முழுதாக ஒரு கேஸ்

வகுப்பின் நடுப்பகுதி இதுதான். முழுக் கதையையும் ஒரே ஸ்லைடில் போடாதீர்கள். நான்கு துண்டாக்கி, ஒவ்வொரு துண்டுக்குப் பிறகும் நிறுத்தி, "இப்ப லித்தியம் ஏறுமா, இறங்குமா, ஏன்?" என்று கேளுங்கள்.

*முதல் துண்டு.* 46 வயதுப் பெண். எட்டு வருடமாக லித்தியம் கார்பனேட் 300 மில்லிகிராம் மாத்திரை, ஒரு நாளைக்கு மூன்று. ஆறு மாதத்துக்கு முன் இரத்த அளவு 0.7. வேலை, குடும்பம் எல்லாம் சீராக நடக்கிறது.

*இரண்டாவது துண்டு.* மூன்று வாரத்துக்கு முன் பி.பி. இருப்பது தெரிந்தது. உப்பைக் குறைக்கச் சொல்லி, டெல்மிசார்டானும் ஹைட்ரோகுளோரோதயசைடும் கலந்த மாத்திரையைக் கொடுத்தார்கள். லித்தியம் போடுவதை யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

ஹைட்ரோகுளோரோதயசைடு சிறுநீரில் உப்பை வெளியேற்றும் மருந்து. உப்பு போனதும் குழாயின் முதல் பகுதி ஈடுகட்டப் பார்க்கும், லித்தியத்தையும் சேர்த்து இழுக்கும். இந்த மருந்து ஒன்றே இரத்த அளவைக் கால் பங்குக்கு மேல் கூட்டிவிடக்கூடும். டெல்மிசார்டான் வகையும் லித்தியம் வெளியேறுவதைக் குறைக்கும். அதன்மேல் உப்பையும் குறைத்தாயிற்று. ஒவ்வொன்றும் பி.பி.க்கு நல்ல ஆலோசனைதான், அதனால்தான் யார் கண்ணிலும் படாமல் போகிறது.

*மூன்றாவது துண்டு.* பத்து நாளாக முழங்கால் வலி. மெடிக்கல் ஷாப்பில் டைக்ளோஃபினாக் வாங்கி இரண்டு வேளை போடுகிறார்.

டைக்ளோஃபினாக், ஐபுபுரோஃபென் போன்ற வலி மாத்திரைகள் சிறுநீரகத்துக்குப் போகும் இரத்த ஓட்டத்தைக் குறைக்கின்றன. வடிகட்டுவது குறைந்தால் லித்தியம் தேங்கும். லித்தியம் வாங்குபவருக்கு வலியோ காய்ச்சலோ வந்தால் பாராசிட்டமால் போதும் என்பதை நோயாளிக்கும் வீட்டாருக்கும் டிஸ்சார்ஜ் அன்று சொல்லி அனுப்ப வேண்டும்.

*நான்காவது துண்டு.* இரண்டு நாளாக வாந்தி, பேதி. சாப்பாட்டுக் கோளாறு என்று பொது மருத்துவ வார்டில் சேர்த்திருக்கிறார்கள். பி.பி. 100/60, நாடித் துடிப்பு 108, சிறுநீர் குறைவு. ராத்திரி ஒன்பது மணிக்கு லித்தியம் டோஸ் இருக்கிறது. தண்ணீர் டம்ளரைக் கையில் கொடுத்தால் பாதி கீழே சிந்துகிறது. பேச்சு குழறுகிறது. பாத்ரூமுக்குப் போகும்போது காலை அகட்டி, தள்ளாடி நடக்கிறார்.

இப்போது கேள்வி: ஒன்பது மணி டோஸைக் கொடுக்கலாமா?

மூன்று தவறான விடைகள் வரும். "நடுக்கம் லித்தியத்தின் தெரிந்த பக்கவிளைவு, கொடுக்கலாம்." "திடீர்னு நிறுத்தினா மேனியா திரும்பிடும், கொடுக்கணும்." "வாந்திக்கு ஊசி போட்டுட்டு மாத்திரையைக் கொடுக்கலாம்." மூன்றுக்கும் பொறுமையாகப் பதில் சொல்லுங்கள்.

முதலில் நடுக்கம். சரியான அளவிலேயே பலருக்கு மெல்லிய நடுக்கம் இருக்கும். கையை நீட்டச் சொன்னால் விரல் நுனி வேகமாக அதிரும், ஆனால் டம்ளர் சிந்தாது, கையெழுத்தும் கோணாது. நஞ்சேறும்போது வருவது முரட்டு நடுக்கம், கை முழுக்க ஆடும். சந்தேகமாக இருந்தால் மூன்று காரியம் செய்யச் சொல்லலாம்: கையெழுத்துப் போடச் சொல்லுங்கள், நீளமாக ஒரு வாக்கியம் பேசச் சொல்லுங்கள், துணைக்குப் பக்கத்தில் இருந்தபடி நான்கு அடி நடக்கச் சொல்லுங்கள். நேற்றைய நிலையோடு ஒப்பிட்டால் வித்தியாசம் தெரிந்துவிடும்.

அடுத்து, நிறுத்தினால் மேனியா திரும்பும் என்ற பயம். மாதக்கணக்கில் போட்டதைத் திடீரென்று முழுசாக விட்டால் அந்த ஆபத்து உண்மைதான். ஆனால் டாக்டர் வந்து பார்க்கும்வரை ஒரு டோஸைத் தள்ளிவைப்பதால் வரும் நஷ்டம் மிகச் சிறியது. நஞ்சேறியவருக்கு இன்னொரு டோஸைக் கொடுத்தால் மூளை பாதிக்கப்படும். வாந்தியும் பேதியும் லித்தியத்தை ஏற்றுகின்றன, ஏறிய லித்தியமே வாந்தியையும் பேதியையும் உண்டாக்குகிறது. இந்தச் சுழலுக்குள் மாத்திரை போட்டால் நிலைமை முற்றும்.

இவருக்கு லித்தியத்தையும், பி.பி. மாத்திரையையும், டைக்ளோஃபினாக்கையும் நிறுத்திவைத்தார்கள். அவசரம் என்பதால் 12 மணிக் கணக்குக்குக் காத்திருக்காமல் அப்போதே இரத்தம் எடுத்து, கடைசி மாத்திரை போட்ட நேரத்தை ஃபார்மில் எழுதினார்கள். லித்தியம் 2.3, கிரியாட்டினின் 1.9. நார்மல் சலைன் ஏற்றப்பட்டது. மற்ற விஷங்களுக்குக் கொடுக்கும் கரி இங்கே பயன்படாது, லித்தியம் அதில் ஒட்டுவதில்லை. நினைவு மங்கினாலோ, வலிப்பு வந்தாலோ, இதயத் துடிப்பு தாறுமாறானாலோ அளவு எதுவானாலும் டயாலிசிஸ் தேவைப்படும். அதனால் மணிக்கொரு முறை நினைவைச் சோதித்து எழுதுவது நர்ஸின் வேலை.

சலைன் ஓடும்போதே இன்னொரு கண் சிறுநீர் மேல் இருக்க வேண்டும். பல வருடம் லித்தியம் வாங்கியவர்களில் சிலருக்குச் சிறுநீரகம் நீரைச் சேமிக்கும் திறனை இழந்திருக்கும். சிறுநீர் வெள்ளம்போல் போகும், அதனால் சலைன் ஏற ஏற இரத்தத்தில் சோடியம் அளவு மீறலாம். இன்டேக்-அவுட்புட் சார்ட்டில் அவுட்புட் திடீரென்று கூடினால் அடுத்த ரவுண்ட்ஸ் வரை காத்திருக்காமல் உடனே சொல்ல வேண்டும்.

இரண்டாம் நாள் லித்தியம் 1.2-க்கு இறங்கியது. ஆனால் பேச்சுக் குழறலும் தள்ளாட்டமும் அப்படியே இருந்தன. லித்தியம் மூளைக்குள் மெதுவாகப் போய் மெதுவாகத்தான் வெளியே வரும், அதனால் இரத்தம் சரியான பிறகும் பல நாள் அறிகுறி நீடிக்கும். அரிதாகச் சிலருக்குத் தள்ளாட்டமும் குழறலும் நிரந்தரமாகவே தங்கிவிடுகின்றன. அந்த ஒன்பது மணி டோஸைத் தடுப்பதற்கு இவ்வளவு நேரம் செலவழிக்கக் காரணம் இதுதான்.

சுருக்கமாக: எண் நன்றாக இருக்கிறது, ஆள் நன்றாக இல்லை என்றால் ஆளை நம்ப வேண்டும். முரட்டு நடுக்கம், குழறல், தள்ளாட்டம், புதிதாகச் சொக்குதல் இவற்றில் ஒன்று தெரிந்தாலும் டோஸை நிறுத்திவைத்து டாக்டரைக் கூப்பிட வேண்டும். ரிப்போர்ட் பிறகு வரட்டும்.

## வால்ப்ரோயேட்: கேட்கப்படாத ஒரு கேள்வி

*22 வயதுப் பெண். சோடியம் வால்ப்ரோயேட் ஒரு நாளைக்கு 1000 மில்லிகிராம், இரண்டு வருடமாக நன்றாக இருக்கிறார். அடுத்த மாதம் கல்யாணம். மாத்திரை வாங்க வந்த அம்மா, "மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரியாது சிஸ்டர், கல்யாணத்துக்கு அப்புறம் நிறுத்திக்கலாம்ல?" என்று கேட்கிறார்.*

வால்ப்ரோயேட் வலிப்பு நோய்க்கும் கொடுக்கும் மருந்து. மேனியாவில் லித்தியத்தைவிட வேகமாகப் பலன் தரும், இரத்த அளவுக் கணக்கும் இவ்வளவு நெருக்கடியாக இருக்காது. ஆனால் கர்ப்பத்தில் இதைப்போல் ஆபத்தான மூட் ஸ்டெபிலைசர் வேறில்லை. கர்ப்ப காலத்தில் இதை வாங்கிய தாய்மாரின் குழந்தைகளில் நூற்றுக்குச் சுமார் 10 பேருக்கு முதுகெலும்புப் பிளவு போன்ற பெரிய பிறவிக் குறைபாடு வருகிறது. நூற்றுக்கு 30 முதல் 40 பேருக்குப் பேச்சு, கற்றல் போன்ற வளர்ச்சியில் குறை ஏற்படுகிறது. முதுகுத்தண்டின் குழாய் மூடுவது கரு உண்டான முதல் நான்கு வாரங்களில். மாதவிலக்கு தள்ளிப்போனதைக் கவனித்து டாக்டரிடம் வருவதற்குள் அந்தக் காலம் பெரும்பாலும் முடிந்திருக்கும். ஃபோலிக் ஆசிட் கொடுத்தாலும் இந்த ஆபத்து நீங்கிவிடுவதில்லை.

மாணவர்கள் இங்கே இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும். தொடர்ந்து போடுங்கள் என்று சொல்லி அனுப்ப முடியாது. நிறுத்திவிடுங்கள் என்றும் சொல்லக் கூடாது. மருந்தைத் திடீரென்று நிறுத்திய பெண்ணுக்குப் புது வீட்டில் மேனியா வந்தால் அதன் துயரம் வேறு. நர்ஸ் செய்ய வேண்டியது, கல்யாணத்துக்கு முன்பே, முடிந்தால் அன்றைக்கே, அந்தப் பெண்ணையே டாக்டரிடம் கூட்டிவரச் சொல்வது. வேறு மருந்துக்கு மாற்ற வாரக்கணக்கில் ஆகும், அதுவரை நம்பகமான கருத்தடை வேண்டும். இதை அம்மாவிடம் சொல்லி அனுப்பினால் போதாது, அந்தப் பெண்ணிடம் தனியாகப் பேச வேண்டும். குழந்தை பெறும் வயதில் இருக்கும் எந்தப் பெண்ணின் கேஸ் ஷீட்டிலும் வால்ப்ரோயேட்டைப் பார்த்தால் கடைசி மாதவிலக்குத் தேதியையும் கருத்தடையையும் கேட்டு எழுதும் பழக்கம் மாணவப் பருவத்திலேயே வந்துவிட வேண்டும்.

## லாமோட்ரிஜின்: மெதுவாக ஏற்றும் மருந்து

லாமோட்ரிஜின் டிப்ரெஷன் பக்கத்தைத் தடுப்பதில் நல்ல மருந்து, கடும் மேனியாவுக்கு உதவாது. முதல் இரண்டு வாரம் 25 மில்லிகிராம், அடுத்த இரண்டு வாரம் 50 என்று மெதுவாகத்தான் ஏற்ற வேண்டும். கூடவே வால்ப்ரோயேட் போட்டால் அதிலும் பாதி. வேகமாக ஏற்றினால் தோலும் வாயின் உட்புறமும் புண்ணாகி உரிந்துபோகும் ஸ்டீவன்ஸ்-ஜான்சன் நோய் வரும் ஆபத்து கூடும். தொடங்கிய முதல் இரண்டு மாதத்தில் தடிப்பு எங்கே வந்தாலும், அதிலும் காய்ச்சலோ வாய்ப்புண்ணோ கண் சிவப்போ சேர்ந்திருந்தால், அடுத்த டோஸைக் கொடுக்காமல் டாக்டரைக் கூப்பிட வேண்டும். ஐந்து நாளுக்கு மேல் விட்டுப்போனவர் பழைய அளவிலேயே மறுபடி தொடங்கக் கூடாது, 25-லிருந்து திரும்ப ஏற்ற வேண்டும். "ஊருக்குப் போயிருந்தேன், மாத்திரை கொண்டுபோகலை" என்று நோயாளி சொல்வதை நர்ஸ் காதில் வாங்கிக்கொள்ள வேண்டிய இடம் இது.

## கடைசிப் பத்து நிமிடம்

பலவுள் தெரிவுக் கேள்விகளை நான் கொடுப்பதில்லை. புதிதாக ஒரு கேஸைச் சொல்லிவிட்டு, ராத்திரி டியூட்டி டாக்டரிடம் போனில் பேசுவதை அப்படியே எழுதச் சொல்வேன். கேஸ் இது: 58 வயது ஆண், லித்தியம் வாங்குகிறார், நான்கு நாளாகக் காய்ச்சல், சாப்பாடு இறங்கவில்லை, இன்று மாலையிலிருந்து குழப்பம். நல்ல விடை ஏறக்குறைய இப்படி வரும்:

"சார், மனநல வார்டு ஸ்டூடண்ட் நர்ஸ் பேசறேன், டியூட்டி சிஸ்டர் பக்கத்துலதான் இருக்காங்க. பத்தாம் பெட், லித்தியம் 900-ல இருக்கார். நாலு நாளா காய்ச்சல், சரியா சாப்பிடலை, தண்ணியும் குடிக்கலை. சாயங்காலத்துலேர்ந்து இடம் தெரியலைன்றார், கை ரொம்ப ஆடுது, நடக்க முடியலை. கடைசி டோஸ் காலைல எட்டு மணிக்கு. ஒன்பது மணி டோஸை நிறுத்திவெச்சிருக்கோம். லித்தியம், கிரியாட்டினின், சோடியத்துக்கு சீரம் டியூப்ல எடுக்கட்டுமா? நீங்க வந்து பார்க்கணும் சார்."

திருத்தும்போது நான்கு விஷயத்தைப் பார்ப்பேன்: நீரும் உப்பும் குறைந்த காரணம், நேற்றைக்கு இல்லாத அறிகுறி, கடைசி டோஸ் நேரம், அடுத்த டோஸ் நிறுத்திவைக்கப்பட்டது. முதல் மூன்றையும் அழகாக எழுதிவிட்டு நான்காவதை விட்டவர்கள் இருப்பார்கள். அவர்களை உட்காரவைத்து, டாக்டர் வர ஒரு மணி நேரம் ஆகிறது என்று வைத்துக்கொண்டால் ஒன்பது மணிக்கு டிராலி அந்தக் கட்டிலருகே வரும்போது என்ன நடக்கும் என்று கேட்டு, மறுபடி எழுதச் சொல்வேன்.